அனிமே கண்ணை எவ்வளவு பெரிதாக்கலாம்? ஆள் சாயல் மாறாமல் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

தோழி ஒருத்தி தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக, அவரை அனிமே பாணியில் வரைந்து தரச் சொன்னாள். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பெரிய கண், சின்ன மூக்கு, கூரான மோவாய், முடியில் பளபளப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளுடைய அம்மா படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருடி இது? உங்க சித்தப்பா மாதிரில்ல இருக்கு?"

நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்தவர் சொன்னால் அப்பீல் கிடையாது. படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, எங்கே ஆள் மாறினார் என்று புகைப்படத்தையும் படத்தையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். அந்த அளவுகளை வைத்தே இதை எழுதுகிறேன். நீங்கள் வரையப்போகும் முகத்துக்கு எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதேதான்.

## அனிமே பாணி ஏன் ஆளை மாற்றிவிடுகிறது

ஜப்பானியப் படக்கதையான மங்காவில் பெரிய கண்களை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஒசாமு தெசூகா. அவர் டிஸ்னி படங்களையும் பெட்டி பூப் போன்ற அமெரிக்கக் கார்ட்டூன்களையும் பார்த்து வளர்ந்தவர். அங்கிருந்து வந்த அந்தக் கண், உணர்ச்சியைத் தூரத்திலிருந்தே காட்டுவதற்காக உருவானது. நிஜ மனிதர் ஒருவரை அடையாளம் காட்டும் வேலை அதற்கு இருந்ததில்லை. பெரும்பாலான அனிமேக்களில் பாத்திரங்களின் முடியையும் நிறத்தையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். பாதிப் பேரைப் பிரித்துச் சொல்ல முடியாது. முகம் எல்லோருக்கும் ஒரே அச்சு, ஆள் வேறுபாடு முடியிலும் உடையிலும்தான்.

கேரிகேச்சர் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகும். ஒருவரின் முகம் சராசரி முகத்திலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ, அந்த விலகலை அது இன்னும் கூட்டும். 1987-இல் கில்லியன் ரோட்ஸ், சூசன் பிரென்னன், சூசன் கேரி மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர்களின் கோட்டுச் சித்திரங்களைக் கணினியில் இப்படி மிகைப்படுத்திக் காட்டியபோது, சரியான அளவில் இருந்த சித்திரங்களைவிட மிகைப்படுத்திய சித்திரங்களைப் பார்வையாளர்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். "இதுதான் அவரைப் போல நன்றாக இருக்கிறது" என்று தேர்ந்தெடுத்த அளவும் நிஜத்தைவிடச் சுமார் 16 விழுக்காடு மிகையாக இருந்தது. சராசரியை நோக்கி இழுத்த சித்திரங்களை அடையாளம் காணத்தான் அதிக நேரம் பிடித்தது.

அனிமே பாணி செய்வது அந்தக் கடைசி வேலையை. எல்லோருடைய முகத்தையும் ஒரே அழகான முகத்தை நோக்கி இழுக்கிறது. ஆகவே கண் பெரிதானதால் மட்டும் ஆள் மாறுவதில்லை. பெரிதாகும்போது அது தன்னோடு சேர்த்து எதையெல்லாம் இழுத்துப்போகிறது என்று கவனிக்க வேண்டும். பழைய டிவி நிகழ்ச்சியை அகல டிவியில் இழுத்துப் போட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். ஆனாலும் யார் யார் என்று தெரியாமல் போவதில்லை. முகம் முழுக்க ஒரே சீராக மாறினால் பார்ப்பவரின் கண் மன்னித்துவிடும், ஒரே இடத்தில் மாறினால் மன்னிக்காது.

## அளப்பதற்கு ஏற்ற புகைப்படம்

செல்ஃபி வேண்டாம். கை நீளத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கி, முகம் ஒடுங்கித் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து, கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கும்படி, நேர்முகமாக எடுத்த படம் ஒன்று வேண்டும். சிரிக்காத முகமாக இருக்கட்டும். சிரித்தால் கீழிமை மேலே ஏறி, கண் உயரம் தப்பாக வரும். பாவனைக்கு வேறொரு சிரித்த படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தோழியின் அப்பாவின் படத்தில் உச்சந்தலை முதல் மோவாய் வரை 720 பிக்சல் இருந்தது. கண் மட்டத்தில் முகத்தின் அகலம் 520. ஒரு கண்ணின் அகலம் 96. இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு நடுவே 110. இமை திறந்திருந்த உயரம் 30 மட்டுமே, ஏனென்றால் அவருக்கு மேலிமை கனத்துக் கொஞ்சம் தொங்கியிருக்கும். வாய் மட்டத்தில் தாடையின் அகலம் 430. தொடங்குவதற்கு இந்த ஆறு எண்கள் போதும். இதற்கு மேல் அளந்தால் வரையும் ஆசையே போய்விடும்.

இவற்றிலிருந்து இரண்டு விகிதங்களை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கண்களுக்கு இடையிலான தூரத்தைக் கண் அகலத்தால் வகுத்தது. அவருக்கு 110-ஐ 96-ஆல் வகுத்தால் 1.15. பொதுவாக இது 1-ஐ ஒட்டியே இருக்கும், ஆகவே இவருடைய கண்கள் சற்றே விலகிய கண்கள். இன்னொன்று, கண் உயரத்தை அகலத்தால் வகுத்தது. 30-ஐ 96-ஆல் வகுத்தால் 0.31. ஒடுங்கிய கண்.

அம்மா நிராகரித்த என் முதல் படத்தில் இதே விகிதங்கள் என்னவாக இருந்தன தெரியுமா? கண் அகலத்தை 154 ஆக்கியிருந்தேன், உயரத்தை 90. நடுவில் இருந்த தூரத்தைக் கவனிக்கவே இல்லை, அது 100-இல் நின்றிருந்தது. அதாவது 1.15 இருந்த இடத்தில் 0.65, 0.31 இருந்த இடத்தில் 0.58. விலகிய ஒடுங்கிய கண்கள் நெருங்கிய உருண்டைக் கண்களாகிவிட்டன. சித்தப்பாவுக்கு உண்மையிலேயே அப்படிப்பட்ட கண்கள்தானாம். தற்செயலாக அவரை அழகாக வரைந்திருக்கிறேன்.

## அகலத்துக்கு எல்லை: ஒரு வகுத்தல்

முகத்தில் இடம் அளவோடுதான் இருக்கிறது. கண் அகலமானால், விகிதம் கெடாமல் இருக்க நடுத்தூரமும் அதே மடங்கு வளர வேண்டும். மிஞ்சுவது இரு பக்கமும் கண்ணின் வெளிமுனைக்கும் முகத்தின் விளிம்புக்கும் இடையிலுள்ள பொட்டுப் பகுதி. அங்கே ஒவ்வொரு பக்கமும் குறைந்தது அரைக் கண் அளவாவது மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே போனால் கண்கள் முகத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தெரிகின்றன.

இதையே வகுத்தலாக எழுதினால், முகத்தின் அகலத்தை மூன்று கண் அகலமும் ஒரு நடுத்தூரமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். அவருக்கு 520-ஐ 398-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.3. இதுதான் அவர் கண்ணை அகலவாக்கில் பெரிதாக்கும் எல்லை. பாடப்புத்தகங்களில் சொல்வதுபோல முகம் சரியாக ஐந்து கண் அகலம் என்று எடுத்துக்கொண்டால், ஐந்தை நான்கால் வகுத்து 1.25 வரும். பெரும்பாலான முகங்களுக்கு அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. இவ்வளவு குறைவா என்று முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

நான் 1.25 வைத்தேன். கண் அகலம் 120, நடுத்தூரம் 138. இரண்டு கண்ணும் நடுத்தூரமும் சேர்ந்து 378, பக்கத்துக்கு 71 மிச்சம். அரைக் கண்ணுக்கு 60 போதும், ஆகவே கொஞ்சம் கைவசம் இருக்கிறது. அது பிறகு உதவும்.

## உயரத்துக்கு எல்லை: கண்ணின் வடிவம்

அனிமே கண் என்று நாம் உணர்வது பெரும்பாலும் உயரத்தைத்தான். அங்கே கொஞ்சம் தாராளமாகப் போகலாம். ஆனால் உயரம்-அகல விகிதம் அவருடைய சொந்த விகிதத்தைப் போல 1.3 மடங்கைத் தாண்டினால் கண்ணின் வகையே மாறிவிடுகிறது. ஒடுங்கிய கண் சாதாரணக் கண்ணாகும், சாதாரணக் கண் முட்டைக் கண்ணாகும்.

இதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது. கண்களைத் தனி லேயரில் வரையுங்கள். அகலத்தை 120-இல் நிறுத்திவிட்டு, உயரத்தை மட்டும் 30, 38, 45, 53, 60 என்று ஐந்து நகல்களாக ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஐந்தையும் வரிசையாக வைத்தால் ஆள் எந்தப் படியில் நழுவுகிறார் என்று தெரியும். அப்பாவின் முகத்தில் 45 வரை அவர் அவராகவே இருந்தார். 53-இல் ஏதோ செய்தி கேட்டுத் திடுக்கிட்டவர் போல இருந்தார். 60-இல் வேறொருவர். 0.31-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 0.4, அதாவது 48 பிக்சல் சொச்சம். கணக்கும் பார்வையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. நான் 45-ஐ வைத்துக்கொண்டேன், மூலத்தைவிட ஒன்றரை மடங்கு உயரம்.

படத்தில் இரண்டு பேர் இருந்தால் இந்தப் படி இன்னும் முக்கியம். இருவருக்கும் ஒரே கண்ணை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அம்மாவின் கண் விகிதம் 0.4 என்றால் அப்பாவின் 0.31-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் படத்திலும் தெரிந்தாக வேண்டும். இருவரையும் ஒரே மடங்கால் பெரிதாக்குங்கள், ஒரே அளவுக்குக் கொண்டுவராதீர்கள்.

## கருவிழி எவ்வளவு மறைகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். என் முதல் படம் தோற்றதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருந்தது.

பெரியவர்களின் கருவிழி ஏறக்குறைய எல்லோருக்கும் 12 மில்லிமீட்டரை ஒட்டிய வட்டம். ஆளுக்கு ஆள் மாறுவது அந்த வட்டத்தை இமை எவ்வளவு மூடுகிறது என்பது. அப்பாவின் படத்தில் கருவிழி 38 பிக்சல். இமை திறப்பு 30. வட்டத்தின் கீழ் விளிம்பு கீழிமையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், மேலே 8 பிக்சலை மேலிமை மூடியிருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அந்த ஐந்தில் ஒரு பங்குதான் அவருடைய நிதானமான பார்வை, கொஞ்சம் அரைத்தூக்கம் போல.

இப்போது கண்ணை அகலத்தில் 1.25, உயரத்தில் 1.5 பெரிதாக்கினோம். கருவிழியை வட்டமாகவே வைத்து 1.25 பெரிதாக்கினால் 48 வரும். திறப்பு 45. மேலிமை மூடுவது 3 பிக்சல் மட்டும்! நிதானம் போய், மூன்று காப்பி குடித்தவர் போல விழித்துக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு படி போய், பல அனிமேக்களில் வருவது போலக் கருவிழியைச் சுற்றி நாலாபக்கமும் வெள்ளை தெரிய வரைந்தால் அது பயம் அல்லது அதிர்ச்சி ஆகிவிடும்.

சரி, என்ன செய்வது? மூடிய பங்கைக் காப்பாற்ற வேண்டும். 45 என்பது கருவிழி உயரத்தில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டுமென்றால் கருவிழி உயரம் 57. அகலம் 48. நெட்டுவாக்கில் நீண்ட முட்டை வடிவக் கருவிழி! அனிமேயில் எப்போதும் பார்க்கிற அதே வடிவம். அதை நான் வெறும் அழகுக்காகச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இமை மூடும் பங்கைக் கெடுக்காமல் கண்ணை உயர்த்தவும் அதுவே வழி. மேலே 12 பிக்சலை இமை மூடட்டும், மூடிய இடத்தின் நிழலை ஒரு கோடு தடிமனில் கருவிழியின் மேல் போடுங்கள்.

கருவிழியின் நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மூர்க் கண் கரும்பழுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அது முகத்தில் இருக்கும் மிகக் கருமையான இரண்டு புள்ளிகளில் ஒன்று. தேன் நிறம், பொன் நிறம் என்று ஏற்றி, நடுவில் பெரிய வெள்ளை ஒளிப்புள்ளியும் வைத்தால் அந்தக் கருமை கரைந்துவிடும். பழைய பிலிம் நெகட்டிவில் சொந்த அண்ணனைக்கூட அடையாளம் தெரியாது இல்லையா? வெளிச்சமும் இருட்டும் இடம் மாறினால் முகம் படிக்க முடியாததாகிவிடும். ஒளிப்புள்ளி கருவிழியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், இன்னொரு சின்னப் புள்ளி கீழே வைத்துக்கொள்ளலாம். அனிமே பாணி என்ற சாக்கில் தோலை இரண்டு படி வெளுப்பாக்குவதும் இதே வகைத் தப்பு. மாநிறமான முகத்தில் கண்ணின் வெள்ளைக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசமும் சாயலின் பகுதி. அழகுபடுத்துவதாக நினைத்து அதை அழித்துவிடுகிறோம்.

## வளர்ந்த கண்ணுக்கு இடம் எங்கிருந்து வருகிறது

கண் 15 பிக்சல் உயரம் கூடியிருக்கிறது. இதை மேலே தள்ளுவதா, கீழே இறக்குவதா?

எல்லாவற்றையும் மேலே தள்ளினால் புருவம் இமையோடு ஒட்டும், கோபக்காரராகத் தெரிவார். எல்லாவற்றையும் கீழே இறக்கினால் வயது குறையும். பெரியவர்களின் தலையில் கண்கள் ஏறக்குறைய நடு உயரத்தில் இருக்கின்றன, குழந்தைக்கு நடுவுக்குக் கீழே. என் முதல் படத்தில் கண்ணை 60 பிக்சல் கீழ்நோக்கி வளர்த்திருந்தேன். கண்ணின் மையம் 360-இலிருந்து 390-க்கு இறங்கியது. அறுபது வயதுக்காரருக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது, அம்மாவுக்கு மைத்துனர் நினைவுக்கு வந்ததில் தப்பே இல்லை.

இந்தத் தடவை மேலே 5, கீழே 10 என்று பிரித்தேன். மையம் 3 பிக்சல்கூட இறங்கவில்லை. புருவத்தை 10 பிக்சல் மேலே நகர்த்தினேன். முன்பு புருவத்துக்கும் இமைக்கும் நடுவே 34 இருந்தது, இப்போது 39. கண்ணின் மடங்குக்கே அதையும் வளர்க்க வேண்டாமா என்றால், வேண்டாம். நெற்றி தாங்காது, முகம் முழுக்க ஆச்சரியமாகிவிடும்.

புருவத்தின் வடிவத்தைப் பாணிக்காக மாற்றவே கூடாது என்பது என் கட்சி. 2003-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் இன்னொருமுறை புருவங்களையும் அழித்துக் காட்டினார்கள். புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காண்பதுதான் கூடுதல் கடினமாக இருந்தது. அனிமேயில் புருவம் மெல்லிய ஒரே கோடு. அப்பாவின் புருவமோ உள்முனையில் அடர்ந்து, நடுவில் கலைந்து, வெளிமுனையில் காணாமலே போய்விடும். அந்தக் கலைதலை அப்படியே வைத்தேன். படத்தில் மற்ற எல்லாம் அனிமேயாக இருந்தும் அது உறுத்தவில்லை.

கண்ணின் சாய்வும் அப்படித்தான். அவருக்கு வெளிமுனை உள்முனையைவிட 4 பிக்சல் கீழே இருக்கும். பயிற்சிப் படங்களைப் பார்த்து வரைந்து பழகிய கை, தானாகவே வெளிமுனையை மேலே தூக்கிப் பூனைக்கண் போட்டுவிடும். கண்ணை வரைவதற்கு முன்பே உள்முனை, வெளிமுனை இரண்டுக்கும் புள்ளி வைத்துவிடுங்கள், புதிய அளவில் 6 பிக்சல் இறக்கத்தோடு. பிறகு இமைக்கோடு அந்தப் புள்ளிகளுக்கு இடையில் எப்படி வேண்டுமானாலும் வளையட்டும். கண்ணுக்குக் கீழே உள்ள பையை அழிக்காமல் ஒரே கோடாகச் சுருக்கி, கண்ணோடு சேர்த்து 10 பிக்சல் இறக்குங்கள்.

## மூக்கு, தாடை

மூக்கைச் சுருக்கலாம், அதன் இடத்தை மாற்றக் கூடாது. மூக்கின் அடியும் வாயும் புகைப்படத்தில் எந்த உயரத்தில் இருந்தனவோ அங்கேயே இருக்கட்டும். கண் வளர்ந்ததால் கன்னம் குறைந்தது போலத் தெரியும், உடனே மூக்கையும் வாயையும் கீழே தள்ளச் சொல்லிக் கை பரபரக்கும். தள்ளினால் மோவாய் சின்னதாகி மறுபடியும் குழந்தை முகம். அகலமான மூக்கு என்றால் நாசிச் சிறகுகள் இரண்டையும் சின்ன வளைவுகளாக விட்டுவைத்து, நடுத்தண்டை அழித்துவிடலாம். ஒற்றைப் புள்ளி மூக்கு இவருக்கு ஆகாது.

தாடைக்கு அவருடைய விகிதம் 520-க்கு 430. முதல் படத்தில் கூரான மோவாய்க்காக அதை 330 ஆக்கியிருந்தேன். இப்போது 415-க்குக் கீழே விடவில்லை. கண்ணில் கொஞ்சம் அதிகம் போனாலும் தாடை சரியாக இருந்தால் தப்பிக்கலாம். இரண்டும் சேர்ந்து போனால் மீட்க வழியில்லை.

## எதிர்த்திசையில் ஒரு தள்ளு

பாணி எல்லோரையும் சராசரிக்கு இழுக்கிறது என்று முன்பே சொன்னேன். அதற்கு ஈடாக, அவரிடம் மட்டும் இருப்பதாகத் தோன்றும் இரண்டே விஷயங்களைத் தேர்ந்தெடுத்து நிஜத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக்க வேண்டும். எது தனித்தன்மை என்று தெரியாவிட்டால் அவருடைய தம்பியின் படத்தையோ அக்காவின் படத்தையோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடும்பச் சாயல் பொதுவாகப் போய்விடும், மிஞ்சுவது அவர்.

தோழியின் அப்பாவுக்கு மிஞ்சியவை விலகிய கண்களும் தொங்கிய மேலிமையும். நடுத்தூரத்தை 138-இலிருந்து 148 ஆக்கினேன். பக்கத்தில் கைவசம் இருந்த மிச்சம் இங்கே செலவானது, 71 இருந்தது 66 ஆயிற்று, அரைக் கண்ணுக்கு இன்னும் குறையவில்லை. மேலிமையின் வெளி ஓரத்தை இன்னும் 2 பிக்சல் தொங்கவிட்டேன். அவ்வளவுதான். மூன்றாவது நான்காவதாக எதையும் தொட்டால் படம் கேலிச்சித்திரமாகும், அறுபதாம் கல்யாணத்தில் அதை மாட்ட முடியாது.

## சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்

"இது அப்பா மாதிரி இருக்கா?" என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லிவிட்டால் யாரும் தலையாட்டுவார்கள். யார் இது என்று மட்டும் கேளுங்கள். அதைவிட நல்லது, படத்தோடு அவருடைய புகைப்படத்தையும் உடன்பிறந்தவரின் புகைப்படத்தையும் வைத்து, இது இவரா அவரா என்று கேட்பது. என் முதல் படம் இந்தச் சோதனையில் வீட்டிலேயே விழுந்திருக்கும்.

கேட்கும் ஆளும் முக்கியம். அதிகம் பழகாதவர்கள் முடி, முகத்தின் வெளிவடிவம் ஆகியவற்றை வைத்தே முகத்தை அடையாளம் காண்கிறார்கள். நெருங்கிப் பழகியவர்கள் கண், மூக்கு, வாய் என்று உட்பகுதியைப் படிக்கிறார்கள். 1996-இல் பவன் சின்ஹா, டோமாசோ போஜியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் பக்கத்தில் நிற்கும் படத்தில், கோரின் முகத்துக்குள் கிளின்டனின் கண், மூக்கு, வாயை ஒட்டிவைத்தார்கள். முடியும் தலைவடிவமும் கோருடையவை என்பதால் பார்த்தவர்கள் அவரைக் கோர் என்றே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் படத்துக்கு இணையத்தில் கிடைக்கும் "அப்படியே இருக்கு" பாராட்டுகளில் பல இந்த வகைதான்.

அதனால் முடி, கண்ணாடி, மீசை எல்லாவற்றையும் மூடிவிட்டு, புருவத்திலிருந்து கீழுதடு வரை ஒரு செவ்வகம் மட்டும் தெரியும்படி வைத்து ஒருமுறை பாருங்கள். பாரதியை முண்டாசும் மீசையும் போட்டு எப்படி வரைந்தாலும் பாரதிதான், தட்டு மாதிரிக் கண் வைத்தாலும் பாரதிதான். அதை வைத்து உங்கள் கண் அளவு சரி என்று முடிவு செய்ய முடியாது. முண்டாசை மறைத்துப் பார்த்தால்தான் கண் வேலை செய்கிறதா என்று தெரியும்.

அப்புறம் படத்தை வாட்ஸ்அப் டிபி அளவுக்குச் சுருக்குங்கள். சின்ன அளவில் கோடுகளின் அழகு மறைந்து, கரும்புள்ளிகளின் இடைவெளி மட்டும் மிஞ்சும். நடுத்தூரம் தப்பென்றால் அங்கே உடனே தெரிந்துவிடும். சுருக்கினால் ஆள் தெரிகிறார், பெரிதாக்கினால் தெரியவில்லை என்றால் இடைவெளிகள் சரி, இமையிலோ கருவிழியிலோ பிழை. தலைகீழான நிலைமை என்றால் திரும்பவும் அந்த இரண்டு விகிதங்களுக்குப் போய் அளக்க வேண்டும்.

## முழு உருவம் வரைந்தால்

வளர்ந்தவர் உடல் நிஜத்தில் ஏழு, ஏழரைத் தலை உயரம். ஐந்தரைத் தலைவரை சுருக்கினாலும் தோள் இறக்கம், தொந்தி, நிற்கும் விதம் எல்லாம் உடலில் தெரியும். நாலுக்குக் கீழே உடலிலிருந்து சாயல் எதுவும் வராது, எல்லாச் சுமையும் தலைமேல்.

இதில் ஒரு வினோதம் உண்டு. பெரிய தலையும் குட்டி உடலுமாக வரையும், இரண்டரைத் தலை உயரச் சிபி உருவத்தில் கண் நிஜத்தைப் போல மூன்று மடங்கு பெரிதாக இருந்தும், பல தடவை அது பாதி நிஜமாக வரைந்த படத்தைவிட ஆளைப் போலவே இருக்கிறது. அங்கே மூக்கு இல்லை, தாடை இல்லை, எதுவுமே நிஜ அளவில் இல்லை. ஆகவே பார்ப்பவர் எதோடும் ஒப்பிடுவதில்லை, புருவச் சாய்வையும் முடியையும் கண்ணின் வடிவத்தையும் ஒரு குறியீடாக எடுத்துக்கொள்கிறார். தோலில் நிழல், உதட்டில் வளைவு, மூக்கில் ஒளி என்று நிஜமாக வரைந்துவிட்டு கண்ணை மட்டும் இரண்டு மடங்காக்கினால்தான் பயமாக இருக்கும். கண்ணைப் பெரிதாக்க ஆசை என்றால் மற்றதை எளிமையாக்குங்கள். நிழல் போட ஆசை என்றால் மேலே சொன்ன எல்லைக்குள் நில்லுங்கள். வாடிக்கையாளர் இரண்டையும் கேட்டால் நான் இப்போதெல்லாம் இரண்டு தனித்தனிப் படங்களாகவே வரைந்து கொடுத்துவிடுகிறேன்.

தோழியின் அம்மாவிடம் இரண்டாவது படத்தைக் காட்டியபோது அவர் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சட்டைப் பையில பேனா எங்க? இவர் பேனா இல்லாம வெளிய போகவே மாட்டாரே" என்றார். அன்று இரவே பேனாவைச் சேர்த்து அனுப்பினேன்.